மூன்று வருடத்துக்கு ஒருமுறை பாதி: இந்த எண்ணைக் கொடுத்தது யார்?

போன சனிக்கிழமை அந்த வேலைவாய்ப்புக் கலந்துரையாடலில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். நேரில் வராதவர்கள் காணொளியைப் பார்த்திருப்பீர்கள். அதனால் முழுக்கதையும் சொல்லப் போவதில்லை. வேலைக்கு மனுப் போடுகிறவர்களின் பழைய அனுபவத்துக்கு எவ்வளவு மதிப்பெண் தருவது என்பதுதான் பேச்சு. பேச்சாளர் பெயரையும் போடவில்லை, உள்பெட்டியில் வந்து கேட்காதீர்கள். "அஞ்சு வருஷத்துக்கு முந்தின அனுபவம் ஆறிப்போன தே மாதிரி, யாரும் குடிக்க மாட்டாங்க" என்று அவர் சொன்னதும் அரங்கமே சிரித்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் அண்ணனும் சேர்ந்து சிரித்தார். எனக்குத் தாங்காமல் போனது அதுதான்.

நானும் மனிதவளத் துறையில்தான் குப்பை கொட்டுகிறேன். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சமீபத்தில் பார்த்த வேலைக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் கொடுப்பது தப்பே இல்லை. நேற்று வரை செய்தவருக்குக் கை பழகியிருக்கும், யாருக்கும் அதில் சந்தேகமில்லை. ஆனால் பார்க்க வேண்டியது ஒருவருக்குக் கை மறந்ததா இல்லையா என்பதை. அதைப் பார்க்க நேரமில்லாமல் நாள்காட்டியைப் பார்த்து மதிப்பெண் போடுகிறோம். என் கோபம் அதன் மேல்தான்.

அண்ணன் விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன். அவருக்கு ஆட்சேபனை இல்லை. 2006 தொடக்கத்திலிருந்து 2020 தொடக்கம் வரை, பதினான்கு வருடம், ஜூரோங் பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் அமோனியா இயந்திரங்களைப் பராமரித்தார். கிடங்கை மூடினார்கள். அடுத்து சர்க்கிட் பிரேக்கர் வந்தது. அன்றிலிருந்து தனியார் வாடகைக் கார். இந்த வருடத் தொடக்கத்தில் பழைய தொழிலுக்கே திரும்பலாம் என்று அதே மாதிரி ஒரு கிடங்கு வேலைக்கு மனுப் போட்டார். கிடைக்கவில்லை. எப்படி மதிப்பெண் போட்டார்கள் என்று அங்கே ஒருவர் தயவாக விளக்கினார். அந்த மனிதருக்கு நன்றி, அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

கணக்கு இதுதான். தொடர்புள்ள வேலையில் இப்போது கழியும் காலத்துக்கு முழு எடை. மூன்று வருடத்துக்கு முந்தையதற்குப் பாதி. ஆறு வருடத்துக்கு முந்தையதற்குக் கால். ஒன்பது என்றால் அரைக்கால். இப்படி மூன்று வருடத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போகும். இதை அரை ஆயுள் என்பார்கள், அணுக்கதிர்ப் பாடத்தில் படித்தோமே, அதே கணக்கு. எல்லாவற்றையும் கூட்டினால் வருவது அவருடைய 'எடையிட்ட அனுபவம்'.

அண்ணனுக்கு இது கால் எடையிலிருந்து தொடங்குகிறது, ஏனென்றால் கடைசியாக அவர் அந்தத் தொழிலில் இருந்தே ஆறு வருடமாகிறது. அங்கிருந்து பின்னோக்கிப் போகப் போக இன்னும் தேய்கிறது. பதினான்கு வருடத்தையும் கூட்டிப் பார்த்தேன். தோராயமாக ஒரு வருடம்! சரியாகச் சொன்னால் 1.04. இரண்டு வருடத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்து இன்னும் அங்கேயே இருக்கும் ஒரு பையனுக்கு அதே கணக்கில் 1.6 வருகிறது. பையன் முன்னால், அண்ணன் பின்னால்.

இப்போது அந்த மூன்றை மட்டும் பத்தாக்கிப் பாருங்கள். அண்ணனுக்கு 5.9, பையனுக்கு 1.9. ஆள் மாறவில்லை, வேலை மாறவில்லை, இயந்திரம் மாறவில்லை. ஒரே ஒரு எண் மாறியதும் வரிசை தலைகீழாகிவிட்டது. அப்படியானால் வேலையை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தது மனுவா, அந்த எண்ணா? அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று விளக்கியவரிடம் கேட்டேன். "ஷீட்ல ஏற்கெனவே இருந்துச்சு" என்றார்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை யாருமே பேசுவதில்லை. மூன்று வருட அரை ஆயுள் என்றால், ஒருவர் இடைவெளியே இல்லாமல் நாற்பது வருடம் அதே வேலையைப் பார்த்திருந்தாலும் கூட்டுத்தொகை 4.33-ஐத் தாண்டாது. தாண்டவே முடியாது, கணக்கு அங்கே முட்டி நின்றுவிடும். பத்து வருடம் தொடர்ந்து இருந்தவருக்கு 3.9. இருபது வருடம் இருந்தவருக்கு 4.29. அடுத்த பத்து வருடத்துக்கு விலை அரை வருடம்கூட இல்லை. உங்கள் அலுவலகத்தில் எல்லோரும் ஓடிப்போய்ச் சந்தேகம் கேட்கும் ஒரு மூத்தவர் இருப்பாரே, அவர் விவரத்தை இந்தத் தாளில் போட்டுப் பாருங்கள். தாள் எங்கே பிசகுகிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரியும்.

அண்ணன் மனுப் போட்ட இன்னோர் இடத்தில் இதைவிட அற்புதம். அங்கே கூட்டுவதில்லை, சராசரி எடுப்பார்கள். அதாவது எல்லா வேலைகளின் எடையையும் சேர்த்து, அதில் தொடர்புள்ளது எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். ஆறு வருடம் கார் ஓட்டியது சமீபத்திய காலம் என்பதால் அதற்கு எடை அதிகம். ஆனால் தொடர்பு சுழியம். போட்டுப் பார்த்தால் அண்ணனுக்கு 24 சதவீதம். சரி, கார் ஓட்டாமல் ஆறு வருடமும் வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தால்? வகுக்கும் இடத்தில் கார் இல்லை. நூற்றுக்கு நூறு! மூன்று பிள்ளைகளுக்குச் சோறு போடுவதற்காக விடியற்காலையில் எழுந்து வண்டி எடுத்ததற்கு அபராதம் 76. இதைக் கண்டுபிடித்தவருக்கு யாராவது பொன்னாடை போர்த்துங்கள்.

"தொழில்நுட்பம் மாறிடுச்சே அண்ணே" என்று சொல்லத் தம்பிமார்கள் தயாராக இருப்பீர்கள். மாறியது என்ன, மாறாதது என்ன? கட்டுப்பாட்டுப் பலகை மாறியிருக்கிறது. தொடுதிரை வந்திருக்கிறது, உணர்கருவிகள் கூடியிருக்கின்றன. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அமோனியா மாறவில்லை. இன்றும் அது மைனஸ் 33 டிகிரியில்தான் கொதிக்கிறது. கம்ப்ரசர் எண்ணெய் இன்றும் திரவ அமோனியாவோடு கலக்காமல், அதைவிடக் கனமாக இருப்பதால் அடியில் போய்த் தங்குகிறது. பல கிடங்குகளில் அதை இன்றும் ஒரு மனிதன் வால்வைத் திறந்து வடிக்க வேண்டியிருக்கிறது. எண்ணெய் முடிந்து அமோனியா வரத் தொடங்கும் அந்த நேரத்தில் கையை எடுக்கத் தெரியாவிட்டால் மூச்சு போய்விடும். இதற்கும் தொடுதிரைக்கும் ஒரே அரை ஆயுளா? செயலி எழுதுகிறவர்களின் தொழிலில் மூன்று வருடம் சரியாகவே இருக்கலாம், அவர்கள் பாடு அவர்களுக்கு. அங்கே பிறந்த எண்ணைக் கொண்டுவந்து குளிர்க்கிடங்கில் ஒட்டியது யார் என்றுதான் கேட்கிறேன்.

போன வருடம் நடந்தது ஒன்று. பழைய சகா ஒருவர் இரவில் அண்ணனை அழைத்தார். அண்ணன் பயணியை தோ பாயோவில் இறக்கிவிட்டு, வண்டியை ஓரம் கட்டித் திரும்ப அழைத்தார். அந்தச் சகா வேலை பார்க்கும் கிடங்கில் பழைய பிஸ்டன் வகை கம்ப்ரசர், புதுசாக ஒரு சத்தம். தொலைபேசியைப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி அண்ணன் கேட்டிருக்கிறார். சில விநாடிதான். "திரவம் உள்ளே வருது, உடனே நிறுத்து, அப்புறம் பேசலாம்" என்றாராம். திரவம் அமுங்காது, அப்படியே ஓடவிட்டால் வால்வு தகடுகள் உடையும், இன்னும் மோசமாகவும் ஆகலாம். நிறுத்திப் பார்த்ததில் அவர் சொன்னதுதான். இந்தக் காதுக்குத்தான் கால் எடை.

திறமை மங்கவே மங்காது என்கிறேன் என்று திரித்துவிடாதீர்கள். மங்கும். சிபிஆர் பயிற்சி எடுத்தவர்களைக் கேளுங்கள், பழகாமல் விட்டால் சில மாதங்களிலேயே அழுத்தும் ஆழமும் வேகமும் தவறத் தொடங்கும். அதனால்தான் அந்தச் சான்றிதழுக்கு ஆயுள் குறைவு. வரிசை மாறாமல் செய்ய வேண்டிய, அடிக்கடி செய்யாத காரியங்கள் சீக்கிரம் போய்விடும். பத்து வருடம் தினமும் செய்து ஊறிப்போனது அவ்வளவு சீக்கிரம் போகாது. அப்படியென்றால் ஒவ்வொரு திறமைக்கும் ஒவ்வோர் எண் வேண்டும் என்றுதானே ஆகிறது? என் பக்கம்தான் பேசுகிறீர்கள்.

"ஆயிரம் மனு வருது, ஒவ்வொண்ணையும் உட்கார்ந்து படிக்க முடியுமா?" முடியாது. நானும் அந்த நாற்காலியில் உட்காருகிறவன். தாளைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. எடை எவ்வளவு தேய்ந்தாலும் பாதிக்குக் கீழே போகாது என்று ஒரு தரையைப் போடுங்கள் என்கிறேன். எக்செல்லில் ஒரு `MAX` போடுகிற வேலை. அப்படிப் போட்டால் அண்ணனின் பதினான்கு வருடத்துக்கு ஏழு வரும். பையனுக்கு அதே 1.6. தொடர்பில்லாத வேலைகளை வகுக்கும் இடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். எண்ணை மாற்றி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், வரிசை புரண்டால் அந்த இரண்டு பேரையும் நேரில் கூப்பிடுங்கள். இதற்கு மேல் என்ன கேட்டேன்?

"நாங்க வயசைப் பார்க்கிறதே இல்லை" என்பது அடுத்தது. 2025 ஜனவரியில் வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதே, அதில் பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களில் வயதும் இருக்கிறது, குடும்பத்தாரைப் பராமரிக்கும் பொறுப்பும் இருக்கிறது. படிவத்தில் பிறந்த தேதிக் கட்டத்தை எடுத்துவிட்டோம் என்று பெருமையாகச் சொல்கிறோம். இருபது வருடத்தின் இரண்டாம் பாதிக்கு அரை வருடம்கூடத் தராத தாள் எந்த வயதுக்காரர்களைத் தேய்க்கும் என்று சொல்ல ஜோசியரா வேண்டும்? மாமியாரைப் பார்த்துக்கொள்ள நான்கு வருடம் வேலையை விட்ட என் மனைவி திரும்பி வந்தபோதும் இதே கதைதான். வேலை அனுபவம் தேய்ந்துவிட்டது, அதோடு 'இடைவெளி' என்று தனியாக இன்னொரு கழித்தல். ஒரே நான்கு வருடத்துக்கு இரண்டு முறை அடி. அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை, சமையலறையில் பாத்திரச் சத்தம் மட்டும் கூடுதலாக இருந்தது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் பதிவு நீளும்.

அப்புறம், ஸ்கில்ஸ்ஃபியூச்சரில் நாற்பது வயதுக்கு மேல் 4,000 வெள்ளி கொடுத்திருக்கிறார்களே, போய்ப் படிக்கலாமே என்று கீழே அறிவுரை எழுதக் காத்திருப்பவர்களுக்கு. அண்ணன் படித்துவிட்டார். கார் ஓட்டிவிட்டு வந்து இரவு வகுப்பில் உட்கார்ந்து, அந்தப் புதுக் கட்டுப்பாட்டுப் பலகையைத்தான் படித்தார், சான்றிதழும் வாங்கினார். அந்தத் தாளில் அது 'பயிற்சி' கட்டத்தில் போய் விழுந்தது. 'அனுபவம்' கட்டத்தில் ஒரு புள்ளிகூட ஏறவில்லை, அரை ஆயுளும் ஒரு நாள் நீளவில்லை. வேறு அறிவுரை இருந்தால் எழுதுங்கள்.