பதினோரு வயசுப் பெண்ணுக்கு டயட்டா?

தீபாவளிக்கு வீடு வீடாகப் போகும்போது பாருங்கள். பத்து, பதினோரு வயதில் பெண் பிள்ளை இருந்தால் யாராவது ஓர் அத்தை சொல்லிவிடுவார், "என்னம்மா, இப்படி ஊதிட்டே? முறுக்கைக் குறை." பிள்ளை தட்டை வைத்துவிடும். அம்மாவும் அன்றிரவே சோற்றைக் குறைக்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார். பல வருடம் குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வயதில் சோற்றைக் குறைப்பது பெரும்பாலும் தேவையில்லாத வேலை.

போன வாரம் என் அக்காவே போன் செய்தார். மகள் தொடக்கநிலை 5. "ஒரே வருஷத்துல ஆறு கிலோடி! ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திடவா?" சுகாதாரக் கையேட்டை எடுத்து எண்களை வாசிக்கச் சொன்னேன். ஒன்பது வயதில் 132 சென்டிமீட்டர், 28 கிலோ. பத்தில் 137, 32 கிலோ. பதினொன்றில் 144, 38 கிலோ. ஆறு கிலோவை மட்டும் பார்த்தால் பயம்தான். அதே வருடத்தில் ஏழு சென்டிமீட்டர் உயர்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. கணக்குப் போட்டால், உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 16.1, 17, 18.3 என்று போகிறது. மெல்ல ஏறுவது இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளதுதான். வளர்ச்சி வரைபடத்தில் பதினோரு வயதுப் பெண்களின் நடுக்கோடு 17.2 பக்கம். இவள் அதற்குச் சற்று மேலே, இயல்பான பகுதிக்குள்தான் இருக்கிறாள்.

உள்ளே நடப்பது இதுதான். மார்பு அரும்புவதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி, எட்டிலிருந்து பதின்மூன்று வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும். அதற்கு ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருடம் கழித்துத்தான் வயதுக்கு வருவார்கள். நாம் சடங்கு வைத்துக் கொண்டாடுவது கதையின் பிற்பகுதியை. உயரம் வேகமாக ஏறுவதெல்லாம் பெரும்பாலும் அதற்கு முன்பே. முதல் மாதவிலக்குக்குப் பிறகு பொதுவாக ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர்தான் மிச்சம். ஈஸ்ட்ரோஜன் சுரப்பால் இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேரும். பருவத்துக்கு முன் உடல் எடையில் ஆறில் ஒரு பங்கு போல இருந்த கொழுப்பு, பருவம் முடியும்போது கால் பங்கு அளவுக்கு வந்துவிடும். மாதவிலக்கு ஒழுங்காக வர உடம்புக்கு அந்தச் சேமிப்பு வேண்டும். எலும்பும் இந்தச் சமயத்தில்தான் கெட்டிப்படும். வேகமாக வளரும் அந்த இரண்டு வருடத்தில் மட்டும் பெரியவர் எலும்பின் தாதுச்சத்தில் சுமார் கால்வாசி சேர்ந்துவிடுகிறது. அந்த நேரத்தில் பட்டினி போட்டால் எதைக் குறைக்கிறோம் என்று யோசியுங்கள்.

"அவன் எவ்வளவு சாப்பிட்டாலும் ஒட்டலையே" என்று அண்ணனோடு ஒப்பிடுவது அநியாயம். பையன்களுக்கும் பத்து, பதினோரு வயதில் தொப்பை எட்டிப்பார்க்கும். ஆனால் அவர்கள் விறுவிறுவென வளர்வது சராசரியாக இரண்டு வருடம் தாமதமாக, பதின்மூன்று, பதினான்கு வயதில். டெஸ்டோஸ்டெரோன் தசையை ஏற்றும்போது கொழுப்பின் பங்கு தானாக இறங்கிவிடும். எடை அவனுக்கும் ஏறத்தான் செய்கிறது, யாரும் அதைக் 'குண்டு' என்பதில்லை, 'ஆளாகிட்டான்' என்கிறார்கள். அப்புறம் இன்னொன்று, பையன்கள் வாயைத் திறந்து சொல்லாதது. மார்புக் காம்புக்கு அடியில் சிறு வட்டமாக, தொட்டால் வலிக்கும் கட்டி போல ஒன்று வரும். ஏறக்குறைய பாதிப் பையன்களுக்கு வரக்கூடியது, பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானாகப் போய்விடும். அதை மறைக்க நீச்சல் வகுப்புக்கே மட்டம் போட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருந்தால் போதும்.

நம் சிங்கப்பூர்ப் பள்ளிகளிலேயே 1992 முதல் 2007 வரை 'டிரிம் அண்ட் ஃபிட்' என்று எடை கூடிய பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து ஓடவைத்தார்கள். பட்டவர்களுக்குத் தெரியும் அந்த வெட்கம். பள்ளியே விட்டுவிட்டதை நாம் ஏன் வீட்டு ஹாலில் நடத்த வேண்டும்?

அதற்காக எல்லா எடையும் பருவத்தால் என்று விட்டுவிடவும் கூடாது, அதுவும் இந்தியர்களான நமக்கு நீரிழிவு சீக்கிரம் வருகிறது. உயரம் நின்றுபோய் எடை மட்டும் ஏறினால், பிஎம்ஐ வருடா வருடம் மேல்கோடுகளைத் தாண்டிக்கொண்டே போனால், பிடரியில் வெல்வெட் போலக் கறுத்து, தேய்த்தாலும் போகாவிட்டால், இரவில் பலமாகக் குறட்டை விட்டால், டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். அந்தப் பிடரிக் கறுப்பை அழுக்கு என்று பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்க்கும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள்! பெண்ணுக்கு எட்டு வயதுக்கு முன்பும் பையனுக்கு ஒன்பதுக்கு முன்பும் பருவ மாற்றம் தொடங்கினாலும் காட்டுங்கள். எடை இறங்கி, வந்துகொண்டிருந்த மாதவிலக்கு நின்றாலும் அப்படியே, தள்ளிப்போட வேண்டாம். பாலிகிளினிக்குப் போகும்போது இந்த வருட எடையை மட்டும் சொல்லாமல், கையேட்டில் உள்ள பழைய அளவுகள் எல்லாவற்றையும் காட்டி, வளர்ச்சிக் கோட்டில் குறித்துத் தரச் சொல்லுங்கள். எடை பற்றிப் பேசும்போது பிள்ளையைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரவைக்கலாம்.