கடலை எண்ணெய் ஃபிரிட்ஜில் உறைந்தால் கலப்படமா?

குடியாத்தம் வாட்ஸ்அப் குழுக்களில் நாலைந்து நாளாக ஒரு வீடியோ சுற்றுகிறது. எங்கள் செக்குக் கடை லேபிள் ஒட்டிய கடலை எண்ணெய் பாட்டிலை ஒருவர் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் காட்டுகிறார். பாதிக்கு மேல் வெள்ளையாக உறைந்திருக்கிறது. "பாருங்க, பாமாயில் கலந்திருக்கான்" என்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தேங்காய் எண்ணெய் தவிர வேறு எண்ணெய் உறைந்து நம் ஊரில் யார் பார்த்திருக்கிறார்கள்? வேலூர் வெயிலில் அதற்கு வாய்ப்பே இல்லை.

பாட்டில் எங்களுடையதுதான். ஆனால் சுத்தமான கடலை எண்ணெயும் ஃபிரிட்ஜில் உறையும். ஃபிரிட்ஜுக்குள் சுமார் 4 டிகிரி குளிர் இருக்கும். கடலை எண்ணெயில் கொஞ்சம் கெட்டிக் கொழுப்பு இயல்பாகவே உண்டு. அந்தக் குளிரில் அது முதலில் கலங்கி, அப்புறம் கூழ் மாதிரி இறுகும். வெளியே எடுத்து வைத்தால் நம் வெயிலுக்குக் கொஞ்ச நேரத்தில் பழையபடி தெளிந்துவிடும். நம்பாதவர்கள் உங்கள் கண்ணெதிரே கடலை கொடுத்து ஆட்டிய எண்ணெயையே ஒரு ராத்திரி உள்ளே வைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எனக்குச் சாதகம் இல்லை என்றாலும். என் எண்ணெய் உறைந்ததால் அது சுத்தம் என்றும் ஆகிவிடாது. பாமாயில் கலந்ததும் அதே ஃபிரிட்ஜில் உறையும். மார்கழி விடியலில் அலமாரியில் இருக்கும்போதே அடியில் வெள்ளையாகப் படிந்து உறைந்தால் சந்தேகப்படலாம். கொஞ்சமாகக் கலந்திருந்தால் அதிலும் தெரியாது. பாட்டில் அடியில் பழுப்பாகத் தங்குவது வேறு. அது கடலைக் கசடு. துணியில் வடிகட்டி வெயிலில் தெளிய வைத்தாலும் செக்கு எண்ணெயில் அது கொஞ்சம் மிஞ்சும்.

"விலையைப் பார்த்தாலே தெரியலையா" என்று ஒரு கமெண்ட். அந்தக் கேள்வி நியாயம்தான். ஒரு லிட்டருக்கு இரண்டே கால் கிலோவிலிருந்து இரண்டரை கிலோ வரை நிலக்கடலைப் பருப்பு போகிறது. பருப்பு விலையைப் பெருக்கி, புண்ணாக்கு விற்ற காசைக் கழித்துப் பாருங்கள். அதைவிடக் கம்மியாக யார் விற்றாலும், நானே விற்றாலும், கேளுங்கள்.

உறுதியாகத் தெரிய ஆய்வகம்தான் வழி. கடலை எண்ணெயைச் சூடாக்கி ஆற விடும்போது எத்தனை டிகிரியில் கலங்குகிறது என்று அங்கே ஒரு சோதனை செய்வார்கள். அதற்கென்று மருந்து சேர்த்துச் செய்வது. ஃபிரிட்ஜ் கணக்கு இல்லை. சுத்தமான எண்ணெய் 39 முதல் 41 டிகிரிக்குள் கலங்க வேண்டும். வேறு எண்ணெய் கலந்தால் பெரும்பாலும் அந்த அளவு மாறிவிடும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 40-வது பிரிவின்படி, வாங்கும் யாரும் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். தப்பு என்று வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும்.

வீடியோ போட்ட அண்ணன் வரட்டும். அன்று ஆட்டிய எண்ணெயில் அவரே ஒரு பாட்டில் எடுத்து, சீல் வைத்து அனுப்பட்டும். கட்டணம் நான் தருகிறேன். ரிப்போர்ட் எப்படி வந்தாலும் இதே பக்கத்தில் போடுகிறேன். அதுவரை எண்ணெயைத் திருப்பிக் கொடுக்க நினைப்பவர்கள் பாட்டிலோடு வாருங்கள், பணத்தை வாங்கிக்கொண்டு போங்கள்.