பிசிக்ஸ் படித்தவருக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை?

பி.எஸ்சி. பிசிக்ஸ் கடைசி வருடத்தில் இருக்கும் பிள்ளையிடம் அடுத்து என்ன என்று கேட்டால் பெரும்பாலும் பி.எட்., பேங்க் எக்ஸாம், ஐ.டி. இந்த மூன்றில் ஒன்றுதான் பதிலாக வரும். கொஞ்சம் விவரம் தெரிந்த வீடாக இருந்தால் ஜாம் எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி., அப்புறம் நெட், ஜே.ஆர்.எஃப்., பிஎச்.டி. என்று ஆராய்ச்சி வழியைச் சொல்வார்கள். நல்ல வழிதான், அதைப் பற்றி எழுதவும் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது அதிகம் பேசப்படாத ஒரு வேலையைப் பற்றி: மெடிக்கல் பிசிசிஸ்ட். ஆஸ்பத்திரியில்தான் வேலை, ஆனால் டாக்டர் இல்லை. நாள் முழுக்க இயந்திரத்தோடுதான் பிழைப்பு, ஆனால் இன்ஜினியரும் இல்லை.

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும் இடத்தில் எந்தக் கட்டிக்கு எத்தனை கிரே டோஸ் என்று டாக்டர் எழுதுகிறார். கதிர் டோஸை அளக்கும் அலகுதான் கிரே. அந்த டோஸ் கட்டிக்குப் போக வேண்டும், பக்கத்தில் இருக்கும் தண்டுவடத்துக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் போகக்கூடாது. எந்தக் கோணத்தில், எந்த வடிவத்தில், எவ்வளவு நேரம் கதிரை விடுவது என்ற திட்டத்தைக் கணினியில் போடுவது பிசிசிஸ்ட். திரையில் போட்ட திட்டம் இயந்திரத்திலிருந்து அப்படியே வெளியே வருகிறதா என்று அளந்து கையெழுத்துப் போடுவதும் அவரே. நோயாளியைப் படுக்க வைத்து இயந்திரத்தை இயக்குகிற டெக்னாலஜிஸ்ட் வேறு ஆள். அது வேறு படிப்பு, வேறு வேலை. இரண்டையும் ஒன்றென்று நினைத்துச் சேருகிறவர்கள் இருப்பதால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

அளந்து கையெழுத்துப் போடுவது என்றால் என்ன என்று ஒரு மாதாந்தர அளவீட்டை வைத்துப் பார்ப்போம். லினாக் எனப்படும் முடுக்கி இயந்திரத்தின் கீழே ஒரு தண்ணீர்த் தொட்டி வைப்பார்கள். நம் உடம்பு பெரும்பாலும் தண்ணீர் என்பதால் உடம்புக்குப் பதில் தண்ணீர். அதில் 10 செ.மீ. ஆழத்தில், விரல் தடிமன்கூட இல்லாத ஒரு அயன் சேம்பர். அதற்குள் இருக்கும் காற்று 0.6 சி.சி. மட்டும். 10-க்கு 10 செ.மீ. அளவில் கதிரைத் திறந்துவிட்டால், அந்தக் காற்றில் உண்டாகும் மின்னூட்டத்தை எலக்ட்ரோமீட்டர் காட்டும். அதை அளவீட்டுச் சான்றிதழில் இருக்கும் எண்ணால் பெருக்கினால் டோஸ் கிடைத்துவிடும் என்று பாடப்புத்தகம் சொல்லும்.

ஆனால் சேம்பர் திறந்த சேம்பர். வெளிக்காற்று உள்ளே போய் வரும். வெப்பம் கூடினால் உள்ளே காற்று குறையும், அழுத்தம் குறைந்தாலும் குறையும், மின்னூட்டமும் அதற்கேற்பக் குறையும். அதனால் 20 டிகிரிக்கும் கடல்மட்ட அழுத்தத்துக்கும் சமப்படுத்த ஒரு திருத்தம் உண்டு:

```
kTP = ((273.15 + T) / 293.15) × (1013.25 / P)
```

T தண்ணீரின் வெப்பநிலை, P அறையின் அழுத்தம், ஹெக்டோபாஸ்கலில். பிளஸ் டூ பையனுக்கே தெரிந்த வாயு விதிதான். ஆனால் இந்தத் தொழிலில் மனிதத் தவறு நுழையும் முக்கியமான ஓட்டை இந்த ஒரு வரி.

கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அறையில் உண்மையான அழுத்தம் 965 ஹெக்டோபாஸ்கல் அளவில் இருக்கும். தண்ணீர் 23 டிகிரி. திருத்தம் 1.061 வருகிறது. அன்றைக்குப் பாரோமீட்டர் பழுது, போனில் வானிலை ஆப் பார்த்து 1010 என்று போட்டுவிடுகிறார் புதிதாக வந்தவர். ஆப்பில் தெரிவது கடல்மட்டத்துக்கு மாற்றிய எண் என்பது அவருக்குத் தெரியாது. திருத்தம் 1.013 ஆகிவிடுகிறது. இயந்திரம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் கணக்கு நாலரை சதவீதம் குறைவாகக் காட்டுகிறது. மாதாந்தர அளவீட்டில் அனுமதி 2 சதவீதம்தான். ஆக, இயந்திரத்தில்தான் கோளாறு என்று முடிவு கட்டி அவுட்புட்டை, அதாவது இயந்திரம் விடும் கதிரின் அளவை, ஏற்றி வைக்கிறார். மறுநாளிலிருந்து வருகிற ஒவ்வொரு நோயாளிக்கும் அந்த அளவு டோஸ் கூடுதல். தொண்டைப் புற்றுநோய்க்கு நாளுக்கு 2 கிரே வீதம் 35 நாள், மொத்தம் 70 கிரே என்று டாக்டர் எழுதியிருந்தால், போவது 73-க்கு மேல். உடம்பில் சேரும் டோஸ் 5 சதவீதத்துக்குள் சரியாக இருக்க வேண்டும் என்பது உலகம் ஒத்துக்கொண்ட அளவு. அந்த ஐந்தில் ஏறக்குறைய முழுவதையும் ஒரு ஆப் தின்றுவிட்டது. மிச்சமிருக்கும் சின்னச் சின்னப் பிழைகளுக்கு இனி இடமே இல்லை.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கோவையில் உட்கார்ந்துகொண்டு திருத்தம் 1.01 என்று வந்தாலே அனுபவசாலி பேனாவைக் கீழே வைத்துவிடுவார். அந்த ஊரில் அது 1.05-ஐ ஒட்டியோ மேலேயோதான் வரும். அடுத்தது பழைய நோட்டு. லினாக்கின் அவுட்புட் பொதுவாக மெல்ல மெல்லத்தான் நகரும், ஒரே மாதத்தில் நாலரை சதவீதம் தாவினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தன் அளவீட்டைத்தான். தினமும் காலையில் எடுக்கும் சோதனையில் எதுவும் மாறாமல் மாதக் கணக்கில் மட்டும் மாறியிருந்தால் சந்தேகம் உறுதி. இதெல்லாம் போக வெளிச் சோதனையும் உண்டு. பாபா அணு ஆராய்ச்சி மையம் தபாலில் டோஸ்மீட்டர் அனுப்பும், நாம் 2 கிரே கொடுத்துத் திருப்பி அனுப்பினால் உண்மையில் எவ்வளவு போயிருக்கிறது என்று அவர்கள் சொல்வார்கள்.

நம்ம ஊருக்கே உரிய இன்னொரு பிழை ஏ.சி. அறை 21 டிகிரி. குழாயிலிருந்து இப்போதுதான் பிடித்த தண்ணீர் 26 டிகிரி. தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விடாமல் சுவரில் தொங்குவதைப் பார்த்து எழுதினால் 1.7 சதவீதம் அங்கேயே போச்சு. அதனால்தான் தண்ணீரை முந்தின நாளே நிரப்பி வைப்பது.

வேலை இதோடு முடியாது. ஒவ்வொரு சிக்கலான திட்டத்தையும், நோயாளிக்குக் கொடுப்பதற்கு முன், ஆளில்லாமல் ஒரு டிடெக்டர் பலகையின் மேல் ஓட்டிப் பார்க்க வேண்டும். கணக்கிட்ட டோஸும் அளந்த டோஸும் டோஸில் 3 சதவீதம், இடத்தில் 2 மி.மீ. வரம்புக்குள் ஒத்துப்போகும் புள்ளிகள் 95 சதவீதமாவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பகலில் இயந்திரம் நோயாளிகளுக்கு. ஆகவே இந்தச் சோதனை கடைசி நோயாளி போன பிறகு, இரவு எட்டு ஒன்பதுக்கு மேல்தான். 9 டு 5 என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி எப்படிப் போவது என்பது. இந்தியாவில் தகுதியை முடிவு செய்வது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், அதாவது ஏ.இ.ஆர்.பி. தகுதியுள்ள பிசிசிஸ்டும் கதிரியல் பாதுகாப்பு அலுவலரும் இல்லாமல் ஒரு ஆஸ்பத்திரி கதிர்வீச்சு சிகிச்சை நடத்த முடியாது. வேலைக்கு இருக்கும் பிடிமானம் அதுதான். வழி இரண்டு. ஒன்று, பிசிக்ஸ் முக்கியப் பாடமாகப் படித்த பி.எஸ்சி.க்குப் பிறகு இரண்டு வருட எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸ். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, கோவையில் பாரதியாரிலும் இதற்கென்று துறை உண்டு. இரண்டாவது, சாதாரண எம்.எஸ்சி. பிசிக்ஸ் முடித்து, அதன்மேல் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் ஓராண்டு கதிரியல் இயற்பியல் டிப்ளமோ. இரண்டுக்கும் பிறகு கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் 12 மாதம் இன்டர்ன்ஷிப் கட்டாயம். பாதுகாப்பு அலுவலர் ஆவதற்குத் தனித் தேர்வு.

கணக்குப் போட்டால் முதல் வழி ஆறு வருடம், இரண்டாவது ஏழு. பையனோ பெண்ணோ இன்னும் ஆராய்ச்சியா ஆஸ்பத்திரியா என்று மனம் முடிவு செய்யாமல் இருந்தால், ஒரு வருடம் கூடினாலும் இரண்டாவதையே சொல்வேன். எம்.எஸ்சி. பிசிக்ஸ் கையில் இருந்தால் நெட் எழுதலாம், ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு பிஎச்.டி. போகலாம், கல்லூரி வேலைக்கும் விண்ணப்பிக்கலாம். பட்டத்தின் பெயரே 'மெடிக்கல் பிசிக்ஸ்' என்றால், 'எம்.எஸ்சி. பிசிக்ஸ்' கேட்கும் விளம்பரங்களில் இணைத்தன்மைச் சான்று எங்கே என்ற கேள்வி வரும், அதற்கு அலைய வேண்டும். நேராக ஆஸ்பத்திரிதான் என்று தெளிவாக இருப்பவருக்கு முதல் வழியே போதும்.

அதிகம் பேர் சிக்குவது இன்டர்ன்ஷிப்பில்தான். எம்.எஸ்சி. சீட் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி இடம் நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று கைகழுவும் இடங்கள் உண்டு. லினாக் இருக்கும் ஆஸ்பத்திரிகள் எண்ணிக்கையில் அடங்கியவை, ஒவ்வொன்றும் எடுப்பது ஓரிருவரை. இடம் கிடைக்காவிட்டால் கையில் முதுகலைப் பட்டம் இருந்தும் பிசிசிஸ்ட் இல்லை. வேலைச் சந்தையும் அப்படித்தான்: இயந்திரம் எத்தனையோ அதைப் பொறுத்துத்தான் இடம். சொந்த ஊரிலேயே வேண்டும் என்று அடம் பிடித்தால் நடக்காது.

கதிர்வீச்சில் வேலை பார்த்தால் உடம்பு என்னாகும் என்று வீட்டில் கேட்பார்கள், குறிப்பாகப் பெண் பிள்ளை வீட்டில். லினாக் சுவிட்சை அணைத்தால் கதிர் கிடையாது, சிகிச்சை நடக்கும்போது ஊழியர் யாரும் உள்ளே இருப்பதில்லை, கதிர் நேராகப் படும் கான்கிரீட் சுவர் ஏறக்குறைய இரண்டு மீட்டர் கனம். சட்ட வரம்பு ஐந்து வருடத்துக்கு 100 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. சட்டையில் மாட்டும் பேட்ஜைப் பார்த்து இந்தக் கணக்கை வைத்திருப்பார்கள். கர்ப்பம் என்று தெரிவித்த பிறகு கருவுக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட், அதற்கேற்ப வேலையை மாற்றிக் கொடுக்க வேண்டும்.

ஃபீஸ் கட்டுவதற்கு முன் அட்மிஷன் ஆபீசில் இதைக் கேளுங்கள்: இந்தப் படிப்பை ஏ.இ.ஆர்.பி. ஏற்றுக்கொள்கிறதா, போன வருடம் முடித்தவர்கள் எந்த ஆஸ்பத்திரிகளில் இன்டர்ன்ஷிப் செய்கிறார்கள், அங்கே இருப்பது லினாக்கா வெறும் கோபால்ட் இயந்திரமா. ஆஸ்பத்திரிப் பெயர் சொன்னால் அங்கே ஒரு போன் போட்டுச் சரிபாருங்கள். 'நூறு சதவீதம் பிளேஸ்மென்ட் சார்' என்று பேச்சை மாற்றினால் செக் புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.