ஆதார் படத்தைப் போட்டிருக்கலாமே என்று கேட்டவர்களுக்கு

கடந்த ஞாயிறு மாலை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில், டீக்கடை பெஞ்சுக்கு அடியில் ஒரு பர்ஸ் கிடந்தது. "பர்ஸ் ஒன்று கிடைத்துள்ளது, உரியவர் உள்ளே என்னென்ன இருந்தன என்பதை உள்பெட்டியில் எழுதவும்" என்று மட்டுமே இங்கே பதிவிட்டேன். நிறத்தைக்கூடச் சொல்லவில்லை. ஆதாரைப் படம் எடுத்துப் போட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் ஆள் கிடைத்திருப்பாரே என்று பலர் உரிமையோடு கடிந்துகொண்டார்கள்.

கிடைத்திருக்கலாம். ஆனால் அந்த அட்டையில் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் இருக்கின்றன. பன்னிரண்டு இலக்க எண்ணைக் கட்டைவிரலால் மறைத்துப் படம் எடுப்பவர்கள் பக்கத்திலிருக்கும் க்யூஆர் கட்டத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதற்கான செயலியில் ஸ்கேன் செய்தாலே பெயரும் முகவரியும் வந்துவிடும். அதைவிட முக்கியமானது, எல்லாவற்றையும் நானே காட்டிவிட்டால், வந்து நிற்பவர் உரியவர்தானா என்று சோதிக்க என்னிடம் ஒன்றும் மிஞ்சாது.

மூன்று பேர் எழுதினார்கள். முதலாமவர் "கறுப்பு பர்ஸ், ஆதார், கொஞ்சம் பணம்" என்றார். அது யார் பர்ஸுக்கும் பொருந்தும். இரண்டாமவர் "ஏடிஎம் கார்டு இருக்கிறதா? எந்த வங்கி?" என்று என்னையே விசாரித்தார். இப்படிக் கேட்பவருக்கு ஆம், இல்லை என்றுகூடப் பதில் சொல்லக் கூடாது. ஒவ்வொரு 'இல்லை'யும் அடுத்த ஊகத்துக்கு வழிகாட்டிவிடும். மூன்றாமவர் தொகையைத் தவறாகச் சொன்னார். அதை நான் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை, என் பர்ஸில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று எனக்கே தெரியாது. ஆனால் சில்லறை அறையில் மூக்குக்கண்ணாடிக் கடைச் சீட்டு ஒன்று நான்காக மடித்து இருக்கும் என்றும், ஓட்டுநர் உரிமத்தின் ஒரு மூலை உடைந்து செலோடேப் ஒட்டியிருக்கும் என்றும் நான் கேட்காமலே எழுதினார். இரண்டும் சரியாக இருந்தன. (அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.)

பேருந்து நிலையத்தின் புறக்காவல் நிலையத்துக்கு அவரை வரச்சொல்லி, உரிமத்திலிருந்த படத்தோடு முகத்தை ஒப்பிட்டு, என் முன்னாலேயே பணத்தை எண்ணச் சொல்லி, பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதி வாங்கினேன். கூரியரில் அனுப்பச் சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். யாருமே எழுதாமல் இருந்திருந்தால் அதே மேசையில் ஒப்படைத்துவிடலாம் என்றிருந்தேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்றைச் சொன்னார். பர்ஸ் தொலைந்த பதற்றத்தில், தன் ஆதார் நகலையும் உரிமத்தின் நகலையும் "கண்டவர்கள் தெரிவிக்கவும்" என்று நான்கு வாட்ஸப் குழுக்களில் அவரே போட்டிருந்தாராம். பெயரையும் பிறந்த தேதியையும் மட்டும் கேட்டு நான் கொடுப்பதாக இருந்திருந்தால், அந்தக் குழுக்களில் இருந்த யார் வேண்டுமானாலும் வந்து வாங்கிப் போயிருக்கலாம். கண்ணாடிக் கடைச் சீட்டை எந்தக் குழுவிலும் அவர் போட்டிருக்கவில்லை.