ஓடாமல் நிற்கும் பேட்டரியும் திறன் இழப்பது ஏன்?

“மின்வண்டியை அதிகம் ஓட்டவே இல்லையே, பேட்டரியின் திறன் மட்டும் எப்படிக் குறைந்தது?”

லித்தியம்-அயான் பேட்டரியில், லித்தியம் ஏறிய கிராஃபைட் எதிர்முனையான ஆனோடு தன்னைச் சூழ்ந்த எலக்ட்ரோலைட் என்னும் திரவத்தைச் சிதைக்கக்கூடியது என்பதால், ஆலையில் முதன்முறை சார்ஜ் ஏற்றும்போதே அதன்மேல் சில பத்து நானோமீட்டர் தடிமனில் ஒரு படலம் உருவாகி, லித்தியத்தில் ஒரு பகுதியை நிரந்தரமாகப் பிடித்துவைத்துக்கொள்கிறது. மேலும் சிதைவு நேராமல் காப்பதும் இதே படலம்தான். ஆனால் அது முழுமையாகத் தடுப்பதில்லை. வண்டி சும்மா நின்றாலும் படலம் தடித்து மேலும் லித்தியத்தைப் பிடித்துக்கொள்வதால் பேட்டரியின் திறன் குறைகிறது; தடிக்கத் தடிக்க அந்த வேகம் குறைந்து, இழப்பு ஏறத்தாழக் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே வளர்கிறது. ஆகவே முதலாண்டு இழப்பு 4 விழுக்காடு எனில், இக்காரணம் ஒன்றே செயல்படும்வரை, நான்காண்டு முடிவில் மொத்த இழப்பு 16 அல்ல, ஏறத்தாழ 8தான். வெப்பமும் உயர்ந்த சார்ஜ் நிலையும் இதை விரைவுபடுத்துவதால், முழுச் சார்ஜுடன் வெயிலில் நாள்கணக்காக நிறுத்துவதைவிடப் பாதிச் சார்ஜில் நிழலில் நிறுத்துவதே நல்லது.