பவுன்ஸ் ஆகலைன்னா போய்ச் சேர்ந்திருச்சா?

“அண்ணாச்சி, மெயில் பவுன்ஸ் ஆகலை, திரும்பி வரலை. அப்போ போய்ச் சேர்ந்திருக்கும்லா?” பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு சின்னச் சின்னத் தொழில்காரர்களுக்கு ஆர்டர் பிடித்துக் கொடுக்கிற எனக்கு, இந்தக் கேள்வியைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. சேர்ந்திருக்கும் தம்பி. யாரிடம் சேர்ந்தது என்று உனக்குத் தெரியுமா?

பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிற அக்கா ஒருவர் சென்னையில் ஒரு ஹோட்டல் குழுமத்துக்குப் பாய் கொடுக்க ஆசைப்பட்டார். கொள்முதல் பார்க்கிறவர் பெயர் லிங்க்ட்இன்னில் இருந்தது. எஸ். முருகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். “ஆபீஸ் மெயில் எடுத்துத் தர்றேன்” என்று ஒருத்தன் காசு வாங்கிக்கொண்டு செய்த வேலை இது:

```
murugan.s@example.com
s.murugan@example.com
murugan.subbiah@example.com
```

நம் ஊர்ப் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அதை ஒரு கம்பெனி முன்னால் போடும், இன்னொன்று பின்னால் போடும், வேறொன்று அப்பா பெயரை முழுசாக விரிக்கும். பெரிய கம்பெனியில் இரண்டாவதாகச் சேர்ந்த முருகனுக்கு `murugan.s2` என்று கொடுத்திருப்பார்கள். ஊகித்த முகவரிக்குப் போட்ட மெயில் திரும்பி வராமல் இருந்தால், அந்த முகவரி கணக்குப் பிரிவிலிருக்கும் வேறொரு முருகனுடையதாகவும் இருக்கலாம். அக்காவின் மொத்த விலைப்பட்டியலும் செல்போன் எண்ணும் அப்படித்தான் போயின. யார் படித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

முகவரி எடுத்துக் கொடுத்தவனைக் கேட்டால் “கருவியில் போட்டுப் பார்த்தேன், வெரிஃபைடு அண்ணாச்சி” என்கிறான். என்ன வெரிஃபைடு? அந்தக் கருவி கம்பெனியின் மெயில் சர்வரிடம் “இப்படி ஒரு பெட்டி இருக்கிறதா” என்று கேட்கும். 250 என்று பதில் வந்தால் ஏற்றுக்கொள்கிறது, 550 என்றால் இல்லை. அவ்வளவுதான். பல கம்பெனிகளின் சர்வர் எந்தப் பெயரைப் போட்டாலும் 250 என்றே சொல்லும்படி அமைக்கப்பட்டிருக்கும். இதைக் கேட்ச்-ஆல் என்பார்கள். வாய்க்கு வந்த எழுத்துகளைப் போட்டுப் பாருங்கள், அதுவும் ‘வெரிஃபைடு’ ஆகும். நல்ல கருவி இதை ‘accept all’ என்று தனியாகக் காட்டும். அந்தச் சொல்லைத்தான் பட்டியல் விற்கிறவர்கள் மறைத்துவிடுகிறார்கள். எதிர்ப்பக்கம், இல்லாத முகவரிகளுக்கு அனுப்பி 550 நிறைய வாங்கினால் உங்கள் டொமைனின் நற்பெயர் கெடும். அப்புறம் பழைய வாடிக்கையாளருக்கு அனுப்பும் பில்கூட ஸ்பாமில் விழும்.

இத்தனைக்கும் நேர் வழி கண் முன்னால் கிடக்கிறது. கம்பெனியின் இணையதளத்தில் சப்ளையர்களுக்கான பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரிசப்ஷனுக்குப் போன் போடுங்கள். “பத்தமடையிலிருந்து பேசுறோம், பாய் கொள்முதலை யார் பார்க்கிறாங்க, கொட்டேஷன் எந்த முகவரிக்கு அனுப்பட்டும்?” பெரும்பாலும் `purchase@` என்று தொடங்கும் பொது முகவரியைத்தான் சொல்வார்கள். அதை ஏன் இளக்காரமாக நினைக்கிறீர்கள்? ஆள் மாறினாலும் அந்தப் பெட்டியை யாராவது திறப்பார்கள். கொள்முதல் பார்க்கிறவரே தன் கட்டுரையிலோ கண்காட்சிக் கையேட்டிலோ அலுவலக முகவரியைப் போட்டிருந்தால் அதற்கும் தாராளமாக எழுதலாம். 2023இன் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒருவர் தானே பொதுவில் வைத்த தகவலைத் தனியாகத்தான் பார்க்கிறது. எவனோ சுரண்டி எடுத்து விற்கிற பட்டியல் அந்தக் கணக்கில் வராது.

இதெல்லாம் கிடைக்கவில்லை, ஆனால் அவர் லிங்க்ட்இன்னில் போன வாரம்கூடப் பதிவு போட்டிருக்கிறார் என்றால், ஊகிக்கிற வேலையை விட்டுவிட்டு அங்கேயே எழுதுங்கள். அங்கே பெயரும் முகமும் வேலையும் தெரிகிறது, தப்பான முருகனுக்குப் போகாது. அவர் கம்பெனி மாறியிருந்தாலும் தெரிந்துவிடும். இணைப்புக் கோரிக்கையோடு சில வரிகள்தான் எழுத முடியும். அது போதும்: “வணக்கம் சார். பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறோம். உங்கள் ஹோட்டல் அறைகளுக்கான பாய்க் கொள்முதலை நீங்கள் பார்க்கிறீர்களா? விவரம் எந்த முகவரிக்கு அனுப்பலாம்?” விலை, படம், ஜிஎஸ்டி எண் எதுவும் இங்கே வேண்டாம். அவர் முகவரி கொடுத்த பிறகு மெயிலில் போகட்டும். கொட்டேஷன் மெயிலில் இருந்தால்தான் நாளைக்கு எடுத்துக் காட்ட முடியும்.

அவர் இணைப்பை ஏற்றதும் சுயவிவரத்தில் ஒரு மெயில் முகவரி தெரியலாம். பலருக்கு அது சொந்த ஜிமெயில். அதைச் சுருட்டிப் பட்டியலில் சேர்த்து, தீபாவளி ஆஃபர் அனுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர் இணைந்தது பேசுவதற்கு. அவர் கணக்கே பல மாதமாகத் தூங்குகிறது என்றால் அங்கே எழுதிப் பயனில்லை, மறுபடி ரிசப்ஷன்தான். பதில் வரவில்லையா, ஒரு வாரம் பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்த ஆளை விட்டுவிட்டு அடுத்த ஹோட்டலைப் பாருங்கள். அவருடைய வீட்டு வாட்ஸப் எண்ணைத் தேடிப் பிடித்துத் தருகிறேன் என்று என்னிடம் இனி யாரும் வராதீர்கள்.