சத்தமா பேசியிருக்கணுமாம்

புதன்கிழமை நடந்த புரொடக்‌ஷன் மீட்டிங்ல, டி-ஷர்ட் அளவு குறையுறதுக்கு செக்கிங்ல இருக்கிற நான் சொன்ன வழியை யாரும் காதுல வாங்கலை, அதையே இன்னொருத்தர் சொன்னதும் எல்லாரும் தலையாட்டினாங்கன்னு நாலு வரி போட்டிருந்தேன். அதுக்குக் கீழே வந்த பதில்ல பாதிக்கு மேல ஒரே அறிவுரை. "நீங்க இன்னும் கொஞ்சம் சத்தமா பேசியிருக்கணும் மேடம்."

இல்லைங்க. நான் பேசினேன். மூணு தடவை பேசினேன். அந்த ரூம்ல யாருக்கும் காது மந்தம் கிடையாது. குறை என் குரல்ல இல்ல, அந்த மீட்டிங்கை நடத்தின விதத்துல இருக்கு.

என்ன பேசினேன்னு முழுசா சொல்லிடறேன். அங்கே சொல்ல விடலை, இங்கேயாவது சொல்றேன். லைக்ரா கலந்த பனியன் துணி, டி-ஷர்ட் ஆர்டர். மீடியம் சைஸுக்கு உயரம் 70 சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் முன்னப்பின்ன இருக்கலாம். அயர்ன் முடிஞ்சு செக்கிங் டேபிளுக்கு வர்ற பீஸ் 68, 68.5னு நிக்குது. டெய்லர் மடிப்பு அதிகமா பிடிக்கிறாங்கன்னு ஒருத்தர், அயர்ன்ல சுருங்குதுன்னு இன்னொருத்தர். நான் பண்டல் நம்பரை வெச்சு திருப்பிப் பார்த்தேன். காலையில முதல்ல வெட்டின பண்டல் எல்லாம் அளவு சரியா இருக்கு. பத்து மணிக்கு மேல வெட்டினது மட்டும்தான் குறையுது. டெய்லர் அதே டெய்லர், அயர்ன் பாக்ஸ் அதே பாக்ஸ். வித்தியாசம் ஒண்ணே ஒண்ணுதான். காலையில வெட்டினது முந்தின நாள் சாயங்காலம் அடுக்கடுக்கா விரிச்சு லே போட்டு ராத்திரி முழுக்க டேபிள்லயே கிடந்த துணி. மத்தது ரோலைப் பிரிச்ச கையோட விரிச்சு வெட்டினது.

ரோல்ல சுத்தும்போது துணி இழுபட்டுதான் சுத்தும். லைக்ரா இருந்தா கேக்கவே வேண்டாம். பிரிச்சதும் மெதுவா தன் அளவுக்குத் திரும்பும். அதுக்கு முன்னாடி வெட்டிட்டா, வெட்டின பிறகு பீஸ் சுருங்கும். செவ்வாய்க்கிழமை ஒரு ரோலைப் பிரிச்சு, பேனாவால 50 சென்டிமீட்டருக்கு ரெண்டு கோடு போட்டு, மடிக்காம டேபிள் மேல விட்டுட்டுப் போனேன். மறுநாள் காலையில 48.8. அந்தக் கணக்குல 70 சென்டிமீட்டர் 68.3 ஆகும். நம்ம பீஸ் நிக்கிற அதே இடம்.

கோடு போட்ட இடத்தை வெட்டி எடுத்து, அந்தத் துண்டோடதான் மீட்டிங்குக்குப் போனேன். "சார், துணியைப் பிரிச்சு..."ன்னு ஆரம்பிச்சேன். கட்டிங் பக்கம் இருந்து ஒரு குரல், என் வாக்கியம் போச்சு. ரெண்டாவது தடவை, "ஒரு நிமிஷம் மேடம், பெரியவங்க பேசி முடிக்கட்டும்." மூணாவது தடவை சொல்லி முடிச்சேன், ஆனா அதுக்குள்ள பேட்டர்ன்லயே ரெண்டு சென்டிமீட்டர் கூட்டிடலாம்னு பேச்சு போயிடுச்சு. அப்படிக் கூட்டினா காலையில வெட்டுற பண்டல் 72ல போய் நிக்குமேன்னு கேட்டேன். யாரும் திரும்பிக்கூட பார்க்கலை. அரை மணி நேரம் கழிச்சு, எல்லாரையும் விட சத்தமா பேசுறவர், "துணிக்கு ஒரு ராத்திரி ரெஸ்ட் குடுத்துட்டு வெட்டுவோம்"னார். "கரெக்ட் சார், அதான் சார்"னு டேபிளே எழுந்திருச்சுது. என் துண்டு என் மடியில இருந்துச்சு.

"யார் சொன்னா என்ன, வேலை நடந்தா போதாதா"ன்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. பெருந்தன்மையா கேக்கிற மாதிரிதான் இருக்கு. வேலை நடக்கலைங்க. நான் சொன்னது துணியைப் பிரிச்சு, தளர்வா மடிப்பு மடிப்பா அடுக்கி, 24 மணி நேரம் விடணும்னு. அவர் காதுல விழுந்தது "ரெஸ்ட்" மட்டும்தான். வியாழக்கிழமை ராத்திரி ரோலை ரோலாவே ரேக்ல நிறுத்தி வெச்சிருக்காங்க. இறுக்கிச் சுத்தின துணி சுத்தினபடியே இருந்தா எப்படித் தளரும்? வெள்ளிக்கிழமை வெட்டினதும் 68.5. அரைகுறையா காதுல வாங்கின யோசனை அரைகுறையாத்தான் வேலை செய்யும். முழுசா தெரிஞ்ச ஆளு பக்கத்து நாற்காலியில உக்காந்திருந்தேன், ஒருத்தரும் கேக்கலை.

ஒரு நாள் தாமதமாகும், இடம் வேணும்னு நியாயமான கேள்வி வரும். வரட்டும், பதில் வெச்சிருந்தேன். தாமதம் முதல் நாள் மட்டும்தான். இன்னைக்கு வெட்டும்போதே நாளைக்குள்ளதைப் பிரிச்சு வெச்சா அப்புறம் தொடர்ந்து ஓடும். இடத்துக்கு பழைய ரேக் போதும். இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கிடைக்கலை.

இப்படித்தான் எல்லா இடத்திலயும்னு சொல்லாதீங்க. நான் முன்னாடி வேலை பார்த்த கம்பெனியில ஒரு வயசான ஜி.எம். இருந்தார். மீட்டிங் ஆரம்பிச்சதும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. ரெண்டு வரி எழுதணும், யாரும் பேசக்கூடாது. அப்புறம் கடைசிப் படியில இருக்கிறவங்கதான் முதல்ல படிக்கணும், அவர் கடைசியாத்தான் வாயைத் திறப்பார். ஒரு தடவை பீஸ்ல எண்ணெய்க் கறை. பிசிர் வெட்டுற அக்கா ஒருத்தர், எழுத வராதுன்னு என்னை எழுதச் சொன்னாங்க: "கறை எல்லா பீஸ்லயும் இடது இடுப்புப் பக்கம், தையல் மேலயே இருக்கு." அப்போ அது ஒரே மெஷின்தானே? பத்து நிமிஷத்துல அந்த மெஷினைக் கண்டுபிடிச்சோம். அந்த அக்கா அதுக்கு முன்னாடி எந்த மீட்டிங்லயும் ஒரு வார்த்தை பேசினதில்ல. பேசத் தெரியாம இல்லைங்க, அவங்க முறை வந்ததே இல்ல.

ராணுவ நீதிமன்றத்துல கூட, பதவியில இளையவர்தான் முதல்ல தன் கருத்தைச் சொல்லணும்னு நடைமுறை. பெரியவர் முதல்ல சொல்லிட்டா மத்தவங்க அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வாங்கன்னு அவங்களுக்குத் தெரியும்.

"பொம்பளைன்னு சொல்லி அனுதாபம் தேடாதீங்க"ன்னு ஒரு தம்பி. தம்பி, அமெரிக்க சுப்ரீம் கோர்ட்ல நீதிபதியா இருக்கிற பெண்களை விட தைரியமா பேசத் தெரிஞ்சவங்க யாரு? வாதம் நடக்கும்போது அவங்களைத்தான் ஆண் நீதிபதிகளை விட ஏறக்குறைய மூணு மடங்கு குறுக்க மறிக்கிறாங்கன்னு 2017ல ஒரு ஆய்வு வந்துச்சு. 2021ல அங்கே முறையை மாத்தினாங்க. பொதுவா கேள்வி கேட்டு முடிஞ்சதும் ஒவ்வொரு நீதிபதிக்கும் தனித்தனியா நேரம். அந்த மாதிரி ஆய்வுகளும் அதுக்கு ஒரு காரணம்னு நீதிபதி சோனியா சோட்டோமேயோரே சொன்னாங்க. யாரும் அவங்களைப் போய் "அம்மா, சத்தமா பேசிப் பழகுங்க"ன்னு சொல்லலை.

வாட்ஸ்அப் குரூப்ல முதல்லயே போட்டிருக்கலாமேன்னும் கேட்டாங்க. போட்டேன். புதன்கிழமை காலையில, மீட்டிங்குக்கு முன்னாடியே, ஸ்கேல் வெச்ச போட்டோவோட. பார்த்தவங்க பதினெட்டு பேர். அதுல ஒருத்தர், என் கூடவே பதினோரு வருஷமா டீ குடிக்கிறவர், அந்த ரூம்ல எனக்கு எதிர்லயே உக்காந்திருந்தார். "இதை இவங்க அப்பவே சொன்னாங்க சார்"னு ஒரு வரி. அவ்வளவுதான் கேட்டிருப்பேன். அவர் நோட்டைப் பார்த்துக் குனிஞ்சுக்கிட்டார். சத்தம் போட்டவங்க மேல கோவம்தான். இவர் மேல கோவம் வரலை, அதுதான் ராத்திரி தூங்க விடலை.

நேத்து சனிக்கிழமை கூப்பிட்டு விசாரிச்சாங்க. "வெள்ளிக்கிழமை வெட்டினதும் குறைஞ்சிருக்கே, செக்கிங்ல நீங்க என்ன பார்த்தீங்க?"ன்னு.

நாளைக்கு மறுபடி மீட்டிங். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு நானே வெட்டி எடுத்துட்டுப் போறேன். ஒரு ரோலைப் பிரிச்சு, இன்னொரு ரோலைப் பிரிக்காம, ரெண்டுலயும் கோடு போட்டு நேத்தே வெச்சுட்டு வந்திருக்கேன். ஸ்கேலை அவங்க கையிலயே குடுக்கப் போறேன்.